பணி ஓய்வு நாளில் மூன்று நிமிடம் பேச வேண்டும்: ஆபீஸ் நண்பர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

டோம்பிவிலி அண்ணா

எல்லோருக்கும் வணக்கம். மும்பை ஃபோர்ட் பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருக்கிறேன். 1989-இல் கிளார்க்காகச் சேர்ந்தவன், இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. கடைசி நாள் ஞாயிறு என்பதால் வெள்ளிக்கிழமை மதியமே சென்டாஃப் வைத்துவிட்டார்கள். கடைசியில் நான் பேச வேண்டும், மூன்று நான்கு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று செக்‌ஷனில் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரிலிருந்து வந்தபோது எனக்கு இந்த நகரத்தில் ஒருவரையும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த பிறகு கல்யாணம், வீடு, குழந்தை, அம்மாவின் காரியம் எல்லாவற்றிலும் கூட நின்றவர்கள் ஆபீஸ்காரர்கள்தான். அதைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினால் எட்டுப் பக்கம் வந்துவிட்டது. அங்கே இந்தியில்தான் பேசப்போகிறேன், ஆனாலும் யோசிப்பது தமிழில் என்பதால் முதலில் தமிழில் எழுதினேன். தொடக்கத்தை மட்டும் இங்கே போடுகிறேன்:

"மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய அதிகாரி அவர்களே, அன்பு நிறைந்த சக ஊழியர்களே, இந்த இனிய மாலைப் பொழுதில் உங்கள் முன் நிற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். இத்தனை ஆண்டுகளும் நீங்கள் எனக்குக் காட்டிய அன்பையும் ஆதரவையும் வார்த்தைகளால் சொல்ல முடியாது. என் சொந்தக் குடும்பம் எனக்குச் செய்யாததை நீங்கள் செய்தீர்கள். நீங்கள்தான் என் உண்மையான குடும்பம்..."

இதற்குப் பிறகு பெயர்கள் வருகின்றன, ஏறக்குறைய ஐம்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எதை வெட்டுவது என்று புரியவில்லை, யாரை விட்டாலும் மனது கேட்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முலுண்டு மாமா

வாழ்த்துகள் சார். நான் ஒரு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், அந்த அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, கையில் காகிதம் இருக்கவே கூடாது. குடும்பம் என்று சொல்லிக்கொண்டு காகிதத்தைப் பார்த்துப் படித்தால் யார் நம்புவார்கள்? மனதில் இருந்து வர வேண்டும். இரண்டு, பெயர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மனுஷனுக்குத் தன் பெயரை மேடையில் கேட்பதுதான் சந்தோஷம். பெரிய அதிகாரியில் தொடங்கி பதவி வரிசைப்படி கீழே இறங்கி வாருங்கள், அதுதான் முறை.

தாராவி தம்பி

சார், கடைசி மாதம் என்றால் பென்ஷன் பேப்பர் எல்லாம் போட்டாச்சா? கம்யூட்டேஷன் 40 சதவீதம் முழுதாக எடுக்கலாமா, இல்லை பாதி எடுத்தால் போதுமா? எங்க சித்தப்பாவுக்கும் அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட், அதனால் கேட்கிறேன்.

செம்பூர் சரோஜாக்கா

தம்பி, அண்ணா கேட்டது மேடைப் பேச்சைப் பற்றி. கம்யூட் செய்த பங்கு 15 வருடம் கழித்துத் திரும்ப பென்ஷனில் சேரும். சித்தப்பாவின் உடல்நிலை, கையில் உள்ள கடன் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது, தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.

அண்ணா, நான் வெல்ஃபேர் பிரிவில் வேலை பார்த்தவள். மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுபவர்களுக்கு விழா நடத்துவது எங்கள் பிரிவின் வேலை. அரங்கு, சால்வை, தேங்காய், மைக், சமோசா தட்டு வரை எங்கள் பொறுப்பு. அதனால் நிறைய ஏற்புரை கேட்டிருக்கிறேன். உங்கள் கேள்வி எதை வெட்டுவது என்பதுதான். அதற்கு முன்னால் நீங்கள் பேசப்போகிற நேரம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

விழா மூன்றரைக்குத் தொடங்கும் என்று வைத்துக்கொள்வோம். செக்‌ஷன் ஆபீசர் பேசுவார், கூட வேலை செய்தவர்கள் இரண்டு மூன்று பேர் பேசுவார்கள், யூனியன்காரர் பேசுவார், பெரிய அதிகாரி பேசுவார், அப்புறம் சால்வை, தேங்காய், பூங்கொத்து, போட்டோ. இதெல்லாம் முடிந்துதான் உங்கள் கையில் மைக் வரும். அதற்குள் உங்களைப் பற்றி 'நல்லவர், அமைதியானவர், நேரம் தவறாதவர்' என்று ஐந்தாறு பேர் சொல்லி முடித்திருப்பார்கள். அன்பு, ஆதரவு, பெருமகிழ்ச்சி என்ற சொற்கள் எல்லாம் அன்றைக்கு அந்த அறையில் தீர்ந்துபோயிருக்கும். பின்வரிசையில் கர்ஜத், விரார் போகிறவர்கள் லோக்கல் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் மேல் அன்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்த வண்டியை விட்டால் வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது என்ற கவலைதான்.

அப்போது காதில் விழுவது என்ன தெரியுமா, நடந்த ஒரு சம்பவம். 'அன்றைக்கு நீ இதைச் செய்தாய்' என்று சொன்னால் அறையே திரும்பிப் பார்க்கும். ஆகவே எட்டுப் பக்கத்தையும் ஒரு முறை படித்து, நாள், இடம், ஆள், செய்த காரியம் நான்கும் சேர்ந்து வருகிற இடங்களை மட்டும் அடிக்கோடு போடுங்கள். மற்றது எல்லாம் தானாகவே உதிர்ந்துவிடும். அப்படி எத்தனை தேறுகிறது என்று இங்கே சொல்லுங்கள்.

மாமா சொன்ன பதவி வரிசை, தொடக்கத்தில் விளிக்கும் ஒரு வாக்கியத்துக்குச் சரி. மேடையில் உட்கார்ந்திருப்பவர்களை அந்த வரிசையில்தான் அழைக்க வேண்டும், மாற்றினால் தப்பாகிவிடும். நன்றி சொல்லும்போது அந்த வரிசை வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்த அதிகாரிக்கு நீளமாகவும், இருபது வருடம் தேநீர் கொண்டுவந்து வைத்தவருக்குக் கடைசியில் அவசரமாகவும் நன்றி சொன்னால், கேட்பவர்களுக்கு அது என்னமோ போல இருக்கும்.

வாஷி மீனா

என் அப்பாவின் விழாவில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் தொடக்கத்தைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவும் கிளார்க்தான். நான், அம்மா, தம்பி மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா உணர்ச்சிவசப்பட்டு, 'வீட்டில் இருந்ததைவிட உங்களோடுதான் அதிகம் வாழ்ந்தேன், நீங்கள்தான் என் நிஜக் குடும்பம்' என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், அம்மாவும் தட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ரொம்ப நாள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், 'காலை நாலரை மணிக்கு எழுந்து டப்பா கட்டினவள் யாராம்?' என்று மட்டும் கேட்டாள்.

அப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வரைவில் 'சொந்தக் குடும்பம் செய்யாததை நீங்கள் செய்தீர்கள்' என்று இருக்கிறதே, அதை வீட்டம்மாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள் அங்கிள்.

டோம்பிவிலி அண்ணா

மீனா, நல்ல வேளை சொன்னாய் அம்மா. என் மனைவியும் மகளும் வருகிறார்கள், ஊரிலிருந்து அண்ணனும் வருகிறார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

சரோஜாக்கா, நீங்கள் சொன்னபடி அடிக்கோடு போட்டுப் பார்த்தேன். எட்டுப் பக்கத்தில் மூன்று இடம்தான் தேறியது.

முதலாவது, 2005 ஜூலை 26. செவ்வாய்க்கிழமை. சாந்தாகுரூஸில் அன்றைக்கு 944 மி.மீ. மழை பெய்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொலாபாவில் 73 மி.மீ. சுமார்தான், அதனால் ஃபோர்ட்டில் இருந்த எங்களுக்கு மதியம் வரை ஒன்றும் தெரியாது. சி.எஸ்.டி. போனவர்கள் வண்டி இல்லை என்று திரும்பி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இரவு முழுக்க ஆபீஸிலேயே இருந்தோம். டிஸ்பாட்சில் இருந்த காகாவுக்கு கிர்காவில் ஒரு சாலில் ஒற்றை அறை வீடு. அவர் நடந்தே வீட்டுக்குப் போய், ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கிச்சடி செய்து வாங்கிக்கொண்டு, எட்டரை மணி வாக்கில் திரும்பி வந்தார். அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். பெண் ஊழியர்கள் நான்கு பேரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்துவிட்டு, அவரும் பிள்ளைகளும் சாலின் நடையில் படுத்தார்கள்.

அன்றைக்கே இன்னொன்று. கல்யாண் பக்கம் உல்லாஸ் ஆறு பெருகி எங்கள் பகுதியிலும் தண்ணீர். என் வீட்டில் மனைவியும் சின்ன மகளும் மட்டும். செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. எங்கள் ரெக்கார்டு ரூமில் இருந்த கேரளத்து நண்பர் டோம்பிவிலியிலேயே இருந்தார், அன்று லீவில் இருந்தார். ஆபீஸ் லேண்ட்லைனில் இருந்து அவர் வீட்டுக்கு மட்டும் எப்படியோ இணைப்பு கிடைத்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் என் மனைவியிடம், 'அண்ணா ஆபீஸில் பத்திரமாக இருக்கிறார்' என்று சொல்லி, பாலும் பிரெட்டும் கொடுத்துவிட்டு வந்தார். அவர் 2021-இல் கோவிட்டில் போய்விட்டார். அவரைப் பற்றி எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

இரண்டாவது, என் மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தபோது கட்டணத்துக்குப் பணம் போதவில்லை. அக்கவுன்ட்ஸில் இருந்த ஒரு நண்பர், தன் பி.எஃப். பணத்தில் இருந்து அட்வான்ஸ் எடுத்துக் கொடுத்தார். தொகையோடு எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, மதியச் சாப்பாடு. அது ஒரு நாள் சம்பவம் இல்லை, எல்லா நாளும் நடந்தது. ஆனாலும் சேர்க்கலாமா?

செம்பூர் சரோஜாக்கா

அண்ணா, கிச்சடியும் தண்ணீரில் நடந்து போனதும் போதும். அந்த ஒரு இரவிலேயே நீங்கள் சொல்ல நினைத்தது முழுக்க இருக்கிறது. 'குடும்பம் மாதிரி' என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டாம், கேட்கிறவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

பணம் கொடுத்த நண்பர் விஷயத்தில் கவனம். அவர் பி.எஃப்.-இல் எடுத்தது அவர் வீட்டுக்குத் தெரியுமா? அவரும் குடும்பத்தோடு விழாவுக்கு வரலாம். மேடையில் தொகையைச் சொல்லி நன்றி சொன்னதால் வீட்டில் சண்டை வந்த கதையை நான் பார்த்திருக்கிறேன். பணம், நோய், குடும்பச் சிக்கல் இந்த மூன்றிலும் உதவி செய்தவரிடம் முன்கூட்டியே கேட்காமல் மேடையில் பேசக்கூடாது. அவர் 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள், தனியாக வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

அதே மாதிரி கேரளத்து நண்பரின் மனைவிக்கும் ஒரு போன் போடுங்கள். அவர் வருகிறாரோ இல்லையோ, தன் கணவர் பெயர் அங்கே சொல்லப்படும் என்று முன்னால் தெரிந்திருப்பது நல்லது.

அடுத்து, தொண்டை அடைக்கும் இடம். அது எங்கே வரும் என்பது முன்னாலேயே தெரியும், நீங்களே சொல்லிவிட்டீர்கள். பலர் அந்த இடத்தைக் கடைசியில் வைப்பார்கள். பேச்சு அங்கேயே உடைந்துபோய், நன்றி சொல்ல வந்தது சொல்லாமலே உட்கார்ந்துவிடுவார்கள். அதை நடுவில் வையுங்கள். அதற்கு அடுத்த வரி, எதிரில் இருக்கும் ஒருவரை நேராகப் பார்த்துச் சொல்கிற மாதிரி, கொஞ்சம் லேசான விஷயமாக இருக்கட்டும். ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் குரல் திரும்பி வந்துவிடும். உங்கள் மதியச் சாப்பாடு அந்த இடத்துக்குப் பொருத்தம், அதனால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குரல் உடைந்தால் அவசரப்பட்டு மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், எல்லோரும் காத்திருப்பார்கள்.

முலுண்டு மாமா

அது சரி, பெயர்கள்? ஐம்பது பேரில் இருவர் கதையை மட்டும் சொன்னால் மீதி நாற்பத்தெட்டு பேர் என்ன நினைப்பார்கள்? எங்கள் கிளையில் நாங்கள் பன்னிரண்டு பேர். நான் பன்னிரண்டு பெயரையும் சொன்னேன், இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள்.

செம்பூர் சரோஜாக்கா

பன்னிரண்டு பேர் என்றால் நீங்கள் செய்தது மிகச் சரி, மாமா. அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பெயரை விட்டாலும் பளிச்சென்று தெரியும். அறுபது எழுபது பேர் உட்காரும் அரங்கில் அது நடக்காது. ஐம்பது பெயரைச் சொல்ல ஆரம்பித்தால், சொன்ன ஐம்பது பேருக்கும் அது வருகைப்பதிவு மாதிரி இருக்கும், விட்டுப்போன ஐம்பத்தோராவது ஆளுக்கு மட்டும் வலிக்கும். அந்த ஆள் பெரும்பாலும் லிஃப்ட் ஓட்டுபவர், பெருக்குபவர், கான்ட்ராக்டில் வந்தவர் என்று இருப்பார், ஏனென்றால் நம் கையில் இருக்கும் பட்டியல் ஊழியர் பட்டியலைப் பார்த்து எழுதியது.

அதனால் பெயருக்குப் பதில் வேலையைச் சொல்லுங்கள். 'என் கையெழுத்தைப் புரிந்துகொண்டு டைப் அடித்தவர்கள்', 'ஆறு மணிக்குப் பிறகும் ரெக்கார்டு ரூம் சாவியைத் தந்தவர்கள்' என்று சொன்னால், அதைச் செய்தவர் ஒவ்வொருவருக்கும் தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரியும்.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. மாமா சொன்னது பாதி சரி. முழுப் பேச்சையும் எழுதிக் குனிந்து படித்தால் நன்றாக இருக்காது. ஆனால் முழுக்க மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் மறந்தால் அடுத்த வரிக்கும் போக முடியாமல் நிற்பார், அதையும் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்தாறு சொல் மட்டும், பெரிய எழுத்தில். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் அப்படியே மனப்பாடம். நடுவில் உள்ளது நடந்த கதை, அதை மறக்க முடியாது.

அந்தேரி கணேஷ்

அங்கிள், இதையெல்லாம் ஒரு வீடியோவாக எடுத்து குரூப்பில் போட்டுவிடலாமே? பழைய போட்டோ எல்லாம் சேர்த்துப் பாட்டு போட்டு நான் செய்து தருகிறேன். எங்கள் கம்பெனியில் லாஸ்ட் டே என்றால் ஒரு மெயில், ஒரு கேக், அவ்வளவுதான்.

டோம்பிவிலி அண்ணா

தம்பி, உன் நல்ல மனதுக்கு நன்றி. வீடியோ பிறகு பார்க்கலாம். நேரில் நின்று சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அக்கவுன்ட்ஸ் நண்பரிடம் கேட்டேன். 'சொல்லவே கூடாது, சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்' என்றார். ஆகவே அது வெளியே. கேரளத்து நண்பரின் மனைவியிடமும் பேசினேன். அந்த இரவு அவர் ஈர உடையோடு திரும்பி வந்தது அவருக்கு நினைவிருக்கிறது. மகனோடு விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஆபீஸில் பாதிக்கு மேல் மராத்திக்காரர்கள். மராத்தியில் ஒரு இரண்டு வரி சொல்ல ஆசை. பேசுவேன், ஆனால் மேடையில் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் இருக்கிறது.

தாணே தமிழச்சி

நான் மராத்தி மீடியத்தில் படித்தவள். தொடக்கத்தில் இவ்வளவு போதும்: 'நமஸ்கார் மண்டளீ. மாஜ மராட்டி தும்ஹீச் ஷிக்கவ்லத்.' என் மராத்தி நீங்களே கற்றுத் தந்தது என்று அர்த்தம். இது உண்மையும்கூட, இல்லையா? முடிக்கும்போது 'மனாபாசூன் ஆபார்' என்று சொல்லுங்கள். நீளமான இலக்கண மராத்தி வேண்டாம் அண்ணா, நீங்கள் தினமும் பேசுகிற மராத்தியைத்தான் அவர்களுக்குப் பழக்கம். காகாவிடம் ஒரு முறை சொல்லிக் காட்டிச் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

டோம்பிவிலி அண்ணா

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது இது. பெயர் வரும் இடங்களில் இங்கே உறவுமுறை மட்டும் போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"நமஸ்கார் மண்டளீ. மாஜ மராட்டி தும்ஹீச் ஷிக்கவ்லத். சாஹேப், மேடையில் இருக்கும் பெரியவர்களே, என் செக்‌ஷன்காரர்களே, எங்கள் வீட்டுக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1989-இல் இந்த ஆபீஸுக்கு வந்தபோது எனக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. முதல் மாதம் யார் என்ன சொன்னாலும் 'ஹாங் ஜி' என்று மட்டும் சொன்னேன். ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எந்த ஃபைலை எங்கே வைப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினீர்கள்.

2005 ஜூலை 26 இரவு இந்த மூன்றாவது மாடியில் இருந்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். வண்டி இல்லை, வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. காகா, நீங்கள் கிர்காவ் வரை நடந்து வீட்டுக்குப் போனீர்கள். அங்கேயே இருந்திருக்கலாம். கிச்சடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தீர்கள். அன்று இரவு உங்கள் ஒற்றை அறையை நம் ஆபீஸ் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே படுத்தீர்கள். காக்கு, அந்தக் கிச்சடிக்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன்.

அதே இரவு டோம்பிவிலியில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். என் மனைவியிடம் 'அண்ணா பத்திரமாக இருக்கிறார்' என்று சொன்னார். அவர் நம் ரெக்கார்டு ரூம் நண்பர். 2021-இல் நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் வீட்டம்மாவும் மகனும் இங்கே வந்திருக்கிறார்கள். அண்ணி, அன்றைக்கு அவரைப் போக விட்டது நீங்கள். உங்களுக்கும் என் நன்றி.

மாவ்ஷி, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் டப்பாவில் புளியோதரை வந்த நாளில் எல்லாம் நான் உங்கள் சப்பாத்தியைத்தான் சாப்பிட்டேன். நாலரை மணிக்கு எழுந்து அதைக் கட்டிக் கொடுத்தவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருடம் அவர் சமைத்ததை நீங்கள் சாப்பிட்டீர்கள், உங்கள் வீட்டில் சமைத்ததை நான் சாப்பிட்டேன். இரண்டு வீட்டுக்கும் நன்றி.

என் நோட்டிங்கைப் படித்து டைப் அடித்தவர்கள், சம்பளப் பில் நாளில் இரவு வரை கூட உட்கார்ந்தவர்கள், ரெக்கார்டு ரூம் சாவியைத் தந்தவர்கள், லிஃப்டை எனக்காக நிறுத்தி வைத்தவர்கள், காலையில் நான் வருவதற்குள் மேஜையைத் துடைத்து வைத்தவர்கள், எல்லோரையும் எனக்குத் தெரியும். உங்கள் ஒவ்வொருவரையும் இன்றைக்குப் போகும் முன் இருக்கைக்கு வந்து பார்க்கிறேன்.

திங்கட்கிழமை என் மேஜைக்கு வருபவருக்கு ஒன்று. பெண்டிங் ஃபைல் பட்டியல் இடது டிராயரில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் போன் செய்யுங்கள், எந்த நேரத்திலும் எடுப்பேன். மனாபாசூன் ஆபார்."

வாஷி மீனா

அங்கிள், டப்பா பகுதியைப் படித்து அழுதுவிட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டப்போகிறேன்.

செம்பூர் சரோஜாக்கா

நன்றாக வந்திருக்கிறது. 'அண்ணி, அன்றைக்கு அவரைப் போக விட்டது நீங்கள்' என்ற வரி நான் யோசிக்காதது, அதை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

இனி நேரம். இதை இந்தியில் சொல்லி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். தமிழில் படித்த நேரத்தை நம்ப வேண்டாம், நீங்கள் பேசப்போகும் மொழியில்தான் அளக்க வேண்டும். வீட்டில் மூன்று நிமிடம் என்றால் அங்கே கைதட்டல், தண்ணீர், தொண்டை எல்லாம் சேர்ந்து நான்கைத் தொடும். வீட்டிலேயே நான்கு வந்தால், 'ஹாங் ஜி' பத்தியை எடுத்துவிடுங்கள். அது நல்ல பகுதிதான், ஆனால் எடுத்தாலும் மற்றது நிற்கும்.

ஒன்று மட்டும் மாற்றச் சொல்வேன். உங்களுக்கு முன்னால் பேசுபவர்கள் யாராவது இந்த வெள்ளக் கதையைச் சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. விழாவைத் தொகுப்பவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள், அந்தக் கதையை அண்ணா பேசட்டும் என்று. அப்படியும் யாராவது சொல்லிவிட்டால், கிச்சடியை ஒரே வரியில் தொட்டுவிட்டு நேராக டோம்பிவிலிக்குப் போய்விடுங்கள், அது உங்களுக்கு மட்டும் தெரிந்தது.

முலுண்டு மாமா

அட்டை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய அதிகாரிக்குத் தனியாக நன்றியே இல்லையே? 'சாஹேப்' என்று ஒரு சொல்லோடு விட்டுவிட்டீர்கள். கடைசி நாளில் அவர் கையெழுத்து வேண்டிய காகிதம் ஏதாவது மிச்சம் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு வரி போடுங்கள்.

டோம்பிவிலி அண்ணா

மாமா, காகிதத்துக்காகப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் வந்த ஆறு மாதத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார். அம்மாவின் திதிக்கு லீவு கேட்டபோது, ஆடிட் நடந்துகொண்டிருந்தும் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அதை ஒரு வரியாகச் சேர்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். மனைவிக்கு நன்றி சொல்லும் வரியை மட்டும் தமிழில் சொல்லலாமா? மகள் சொல்லச் சொல்கிறாள்.

தாணே தமிழச்சி

கட்டாயம் சொல்லுங்கள் அண்ணா. ஒரே ஒரு வரி. அரங்கில் யாருக்கும் அர்த்தம் புரியாவிட்டாலும் யாருக்குச் சொல்கிறீர்கள் என்று புரியும்.

முலுண்டு மாமா

எனக்குச் சரியாகப் படவில்லை. எழுபது பேர் எதிரில் இருக்கும்போது அவர்களுக்குப் புரியாத மொழியில் பேசுவது, அவர்களைக் கொஞ்சம் வெளியே நிறுத்துவது மாதிரி ஆகிவிடும். வீட்டில் சொல்லிக்கொள்ளலாமே.

செம்பூர் சரோஜாக்கா

இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், இரண்டு விதமாகவும் நடந்து பார்த்திருக்கிறேன். தமிழில் சொன்னால் உடனே அதே வரியை இந்தியிலும் சொல்லிவிடுங்கள். அண்ணியிடமே கேட்டுவிடுங்கள், எல்லோர் முன்னாலும் தன்னைப் பற்றிச் சொல்வது சிலருக்குக் கூச்சமாக இருக்கும்.

அப்புறம் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்குக்குப் போய் மைக்கை ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். கம்பி மைக் என்றால் ஒரு கையில் மைக், ஒரு கையில் அட்டை, பூங்கொத்தை வைக்க இடம் இருக்காது. சால்வை போட்டதும் பூங்கொத்தையும் தேங்காயையும் வாங்கிக்கொள்ள மகளை மேடைப் படிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

டோம்பிவிலி அண்ணா

சரி அக்கா, மகளிடம் சொல்லிவிட்டேன். இந்தியில் பேசிப் பார்த்தேன், மூன்று நிமிடம் இருபது விநாடி. 'ஹாங் ஜி'யை விட்டுவிட மனமில்லை, வைத்துக்கொள்கிறேன்.